ஒப்பந்தத்துக்கு முன்பே பணமா? வாட்ஸ்அப்பில் வரும் வெளிநாட்டு வேலை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் கொல்லிமலைக்குப் பேருந்து வர வேண்டும். வாட்ஸ்அப் செய்திக்கு அந்தச் சிரமம் இல்லை. செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ சிக்னல் கிடைக்கும் ஒரு மூலையில் நின்றால் போதும், துபாயும் தாய்லாந்தும் கைபேசிக்கே வந்துவிடுகின்றன. "உடனடி ஆள் தேவை. தங்குமிடம், சாப்பாடு இலவசம். படிப்பு தேவையில்லை. 10 இடங்கள் மட்டுமே." விமானப் படம், உயரமான கட்டடத்தின் படம், கீழே ஒரு கைபேசி எண். படித்து முடித்து வேலைக்குக் காத்திருக்கும் மலையாளிப் பழங்குடி இளைஞரின் கைபேசியிலும், கீழே சேந்தமங்கலம், ராசிபுரம் பக்கத்துச் சேரி மாணவரின் கைபேசியிலும் ஒரே படம்தான் சுற்றுகிறது.

வெளிநாட்டு வேலையே ஏமாற்று என்று நாம் சொல்ல வரவில்லை. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் உழைத்து வீடு கட்டியவர்கள், தங்கையைப் படிக்க வைத்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். முறையான வேலை எது, பணம் பறிக்கும் வலை எது என்று கைபேசி உரையாடலிலேயே பிரித்தறிய முடியுமா என்பதுதான் இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. பெரும்பாலும் முடியும். அதற்கு ஆங்கிலப் புலமையோ கணினி அறிவோ வேண்டியதில்லை. பணம் முதலில் கேட்கப்படுகிறதா, எழுத்து ஒப்பந்தம் முதலில் காட்டப்படுகிறதா என்ற ஒன்றைக் கவனித்தால் போதும்.

மலைக்கு இடைத்தரகர் புதியவர் அல்ல. காப்பித் தோட்ட வேலைக்கும், செங்கல் சூளைக்கும், கரும்பு வெட்டுக்கும் மேஸ்திரி வந்து ஆள் பிடிப்பதைத் தாத்தா காலத்திலிருந்து பார்த்து வருகிறோம். அந்த முன்பணம் எத்தனை குடும்பங்களைக் கடனில் கட்டிப்போட்டது என்பது தனிக்கதை. ஆனாலும் அங்கே முன்பணம் கொடுத்தவர் மேஸ்திரி, வாங்கியவர் தொழிலாளி. வாட்ஸ்அப் முகவரிடம் இது தலைகீழாகிறது. வேலை செய்யப் போகிறவரே முன்பணம் கட்டுகிறார். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வியாபாரி சரக்கைப் பார்க்காமல், எடை போடாமல் காசை எடுத்து நீட்டுவாரா? நாம் மட்டும் வேலையின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை அனுப்பிவிடுகிறோம்.

ஓர் உரையாடலைப் பார்ப்போம்

கீழே வருவது குறிப்பிட்ட எவருக்கும் நடந்தது அல்ல. இத்தகைய உரையாடல்கள் போகும் பொதுவான போக்கை வைத்து, வாசகர்களுக்குக் காட்டுவதற்காக நாமே எழுதியது. தொகைகளும் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவையே.

"தம்பி, துபாய் சூப்பர்மார்க்கெட். ஹெல்ப்பர் வேலை. சம்பளம் 1,800 திர்ஹாம். ரூம், சாப்பாடு ஃப்ரீ."

"கம்பெனி பேர் என்னங்கண்ணா?"

"அதெல்லாம் ஆஃபர் லெட்டர்ல வரும் தம்பி. முதல்ல பாஸ்போர்ட் காப்பி, ஆதார், போட்டோ அனுப்புங்க."

இரண்டு நாள் கழித்து: "வாழ்த்துகள் தம்பி, செலக்ட் ஆயிட்டீங்க. ஃபைல் ஓப்பனிங் 3,500 மட்டும் கட்டுங்க. ரீஃபண்ட் உண்டு."

"அண்ணா, கான்ட்ராக்ட் காட்ட முடியுங்களா?"

"பணம் கட்டினாத்தான் கம்பெனி கான்ட்ராக்ட் ரிலீஸ் பண்ணும். இன்னிக்கு சாயங்காலம் லிஸ்ட் க்ளோஸ். உங்களுக்காகத்தான் ஒரு சீட் பிடிச்சு வெச்சிருக்கேன்."

3,500 ரூபாய் போகிறது. பதிலுக்கு, வண்ண முத்திரை போட்ட ஒரு பக்க ஆஃபர் லெட்டர் வருகிறது. அடுத்த வாரம் மெடிக்கலுக்கு 6,500. அதன்பின் விசா ஸ்டாம்பிங் என்று 18,000. கடைசியாக டிக்கெட்டும் இன்சூரன்சும் சேர்த்து 12,000. மொத்தம் 40,000 ரூபாய். கிலோ 600 ரூபாய் என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ 67 கிலோ காய்ந்த மிளகின் விலை. புறப்படும் தேதி இரண்டு முறை தள்ளிப்போகிறது. பிறகு ஒருநாள் அந்த எண்ணின் முகப்புப் படம் மறைந்துவிடுகிறது.

இந்த உரையாடலில் முதல் தொகை சிறியதாக இருப்பதைக் கவனியுங்கள். அது வேண்டுமென்றே அப்படி வைக்கப்படுகிறது. 40,000 ரூபாயை ஒரே தடவையில் கேட்டிருந்தால் அந்தத் தம்பி வீட்டில் கலந்து பேசியிருப்பார். 3,500 என்றதும் கையில் இருந்ததை அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு, போட்ட பணம் வீணாகிவிடக் கூடாதே என்ற கவலையே அடுத்த தொகையைக் கட்ட வைக்கிறது. கடைசி 12,000 ரூபாயை அம்மாவின் தோட்டை அடகு வைத்தோ மகளிர் குழுக் கடன் வாங்கியோ கட்டுகிறார்கள்.

'ரீஃபண்ட் உண்டு' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். எந்த ரசீதின் பேரில், எந்த நாளுக்குள், யார் திருப்பித் தருவார்கள் என்பது அந்த உரையாடலில் எங்கேயும் இல்லை. பணம் போன கணக்கும் ஏதோ ஒரு தனிநபரின் பெயரில்தான் இருக்கும். யுபிஐ மூலம் அனுப்பும்போது திரையில் பெறுபவரின் பெயர் வருமல்லவா? நிறுவனத்தின் பெயர் ஒன்றாகவும் திரையில் வரும் பெயர் வேறொன்றாகவும் இருந்தால், அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும்.

சட்டம் சொல்லும் வரிசை

இந்தியாவிலிருந்து ஆட்களை வெளிநாட்டு வேலைக்குச் சேர்த்து அனுப்பும் தொழிலை 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் பதிவு பெற்ற முகவர் மட்டுமே இதைச் செய்யலாம். பெரிய முகவர்கள் 50 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கொடுத்துத்தான் பதிவு பெறுகிறார்கள். பதிவில்லாமல் ஆள் சேர்ப்பது 2 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பதிவு பெற்ற முகவர்கூட, 'என் ஆள் உங்கள் ஊரில் இருக்கிறார், அவரிடம் கொடுங்கள்' என்று துணை முகவர்களை வைத்து வசூலிக்கக் கூடாது.

முறையாக நடந்தால் வேலை இப்படித்தான் நகரும். வெளிநாட்டு நிறுவனம் தனக்கு எத்தனை பேர், என்ன வேலைக்கு, என்ன சம்பளத்துக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறது. தன் சார்பில் ஆள் எடுக்கும் அதிகாரத்தைப் பதிவு பெற்ற முகவருக்கு எழுத்தில் தருகிறது. ஒப்பந்தத்தின் மாதிரியும் கூடவே வருகிறது. அதற்குப் பிறகுதான் முகவர் விளம்பரம் செய்து நேர்காணல் வைக்கிறார். அதாவது, முகவர் உங்களிடம் பேசத் தொடங்கும் நாளிலேயே ஒப்பந்தத்தின் மாதிரி அவர் கையில் இருக்க வேண்டும். 'பணம் கட்டினால்தான் கம்பெனி ஒப்பந்தத்தை வெளியிடும்' என்பது இந்த வரிசையில் எங்குமே பொருந்தாத பேச்சு. காட்டுவதற்கு ஒப்பந்தம் இல்லாதவர்தான் அப்படிச் சொல்ல வேண்டியிருக்கும்.

வெளியுறவு அமைச்சகம் 2023 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பதிவில்லாத முகவர்கள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், குறுஞ்செய்தி வழியாகவே இயங்குகிறார்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்ற விவரத்தைத் தருவதே இல்லை. 2 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை பறிக்கிறார்கள் என்பது அதன் சாரம். பதிவு பெற்ற முகவர் தன் சேவைக்காக வாங்கக்கூடிய உச்சத்தொகை 30,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். நம் எடுத்துக்காட்டுத் தம்பி 40,000 ரூபாய் கட்டினார். அவர் கையில் ஒரு ரசீதுகூட இல்லை.

அந்த நாட்டுச் சட்டங்களும் சிலசமயம் நம் பக்கம் நிற்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஆள் சேர்ப்புச் செலவை முதலாளி தொழிலாளியிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ வாங்கக் கூடாது. 'துபாய் கம்பெனியே விசா பணம் கேட்கிறது' என்று ஒருவர் சொன்னால், துபாயின் சட்டமே தடுத்ததைச் சொல்கிறார் என்று பொருள்.

மெடிக்கல் என்ற பெயரில் கேட்கும் பணத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனை உண்மையிலேயே உண்டு. அதற்கு 'வாஃபித்' என்ற இணைய முறையில் பதிவு செய்து, அது ஒதுக்கும் அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்கு நீங்களே நேரில் போக வேண்டும். உங்கள் உடம்பை யாரும் பார்க்காமல், ரத்தம் எடுக்காமல், முகவரின் கணக்குக்கு 6,500 ரூபாய் போவது எந்தப் பரிசோதனையிலும் சேராது.

ஆஃபர் லெட்டர் வேறு, ஒப்பந்தம் வேறு

இளைஞர்கள் பலர் வழுக்கி விழுவது இங்கேதான். வண்ண முத்திரையும் கையெழுத்தும் போட்ட ஒரு தாள் வந்துவிட்டால், எழுத்தில் கொடுத்துவிட்டார்கள் என்று நம்பிவிடுகிறோம். கைபேசியிலேயே பத்து நிமிடத்தில் அப்படி ஒரு தாளைச் செய்துவிடலாம் என்பது மாணவர்களுக்குத் தெரியாததல்ல. கல்லூரி விழா அழைப்பிதழை அவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று கையெழுத்துகள் இருக்க வேண்டும்: வெளிநாட்டு முதலாளி, பதிவு பெற்ற முகவர், வேலைக்குப் போகும் நீங்கள். நிறுவனத்தின் முழு முகவரி, உங்கள் வேலையின் பெயர், அந்த நாட்டுப் பணத்தில் மாதச் சம்பளம், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், வார விடுமுறை, தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு, ஒப்பந்தக் காலம், திரும்பி வரும் டிக்கெட் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஆஃபர் லெட்டரில் பெரும்பாலும் சம்பளமும் வாழ்த்தும் மட்டுமே இருக்கும். புரியாத ஆங்கிலத்தில் ஒப்பந்தம் வந்தால் வெட்கப்படாமல் ஆசிரியரிடமோ ஊரில் படித்தவரிடமோ காட்டிப் படித்துக்கொள்ள வேண்டும். 'யாருக்கும் காட்டாதீங்க, கம்பெனி ரகசியம்' என்று முகவர் தடுத்தால் அதுவே போதுமான விடை.

விசாவும் வேலை விசாவாக இருக்க வேண்டும். 'முதலில் சுற்றுலா விசாவில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்' என்பது பழைய பல்லவி. அந்தப் பல்லவி எங்கே கொண்டு போய் விட்டது என்பதை 2022இல் தமிழ்நாடு பார்த்தது.

மியாவாடியில் முடிந்த பயணம்

அந்த ஆண்டு தாய்லாந்தில் கணினி சார்ந்த வேலை என்று சமூக ஊடக விளம்பரங்கள் வந்தன. துபாயிலும் இந்தியாவிலும் இருந்த முகவர்கள் ஆள் சேர்த்தார்கள். 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவ்' என்று வேலைக்குப் பெயர். நம்பிப் போனவர்களைத் தாய்லாந்திலிருந்து எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டு போனார்கள். எல்லை நகரமான மியாவாடிப் பகுதியில் அடைத்து வைத்து, இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யக் கட்டாயப்படுத்தினார்கள். சுமார் 300 இந்தியர்கள், அவர்களில் ஏறத்தாழ 50 தமிழர்கள் அங்கே சிக்கியிருப்பதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் 2022 செப்டம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதே மாதம் 24ஆம் தேதி வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. மீட்கப்பட்டவர்களில் 13 பேர் அக்டோபர் 5ஆம் தேதி தமிழ்நாடு வந்து சேர்ந்தார்கள்.

அத்தோடு அது ஓயவில்லை. 2025 மார்ச் 10, 11 ஆகிய இரு நாட்களில் மட்டும் இதே மியான்மர் எல்லைப் பகுதியிலிருந்து மீட்ட 549 இந்தியர்களை, தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து விமானப்படை விமானங்களில் அழைத்து வர வேண்டியிருந்தது.

மியாவாடிக்கு ஆள் பிடித்தவர்கள் குறிவைத்தது படித்தவர்களை, கணினி தெரிந்தவர்களை. நம் மாணவர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அந்த இடத்தில் ஒப்பந்தத்தை அரசு ஒருமுறை பார்க்கிறது. பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஆகவே அவர்களின் ஒப்பந்தத்தை யாரும் கேட்பதில்லை. நம் வீட்டில் முதன்முதலாகப் படித்த பிள்ளைக்குத்தான் இந்தக் காவல் இல்லாமல் போகிறது. அவர் தானே கேட்டுப் பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

பணமே கேட்காமல், டிக்கெட்டும் அவர்களே போட்டு அழைத்தால் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்ல முதலாளிகளும் டிக்கெட் போடுவார்கள், ஆள் கடத்துபவர்களும் போடுவார்கள். முன்பணம் கேட்பதை வைத்துப் பணம் பறிப்பவரைப் பிடிக்கலாமே தவிர, கடத்துபவரைப் பிடிக்க முடியாது. கடத்துபவரைக் காட்டிக்கொடுப்பது விசாவும் ஒப்பந்தமும்தான். மூன்று கையெழுத்துள்ள ஒப்பந்தமும் வேலை விசாவும் இல்லையென்றால், இலவசமாக வந்த டிக்கெட்டிலும் ஏறக் கூடாது.

சரிபார்க்கும் விதம்

முகவர் பதிவு பெற்றவர் என்றால் அவருக்கு உரிம எண் இருக்கும். விளம்பரத்திலும் அலுவலகச் சுவரிலும் அதை அவர் காட்ட வேண்டும். அந்த எண்ணையோ நிறுவனப் பெயரையோ emigrate.gov.in என்ற அரசுத் தளத்தில், செயல்பாட்டில் உள்ள முகவர்களின் பட்டியலில் தேடலாம். மலையில் சிக்னல் இழுக்கிறது என்றால் பள்ளிக் கணினியிலோ, கீழே இறங்கும் நாளில் ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் தாமதத்தில் போய்விடும் வேலை உண்மையான வேலையாக இருப்பது அரிது.

பெயர் பட்டியலில் இருந்தவுடன் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். மோசடி செய்பவர்கள் உண்மையான நிறுவனத்தின் பெயரையும் உரிம எண்ணையும் அப்படியே எடுத்துத் தங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொள்வது வழக்கம். அதனால் வாட்ஸ்அப்பில் வந்த எண்ணுக்கே திரும்பப் பேசி 'நீங்கதானா அது?' என்று கேட்பதில் பயனில்லை. அரசுத் தளத்தில் அந்த நிறுவனத்துக்கு எதிரே உள்ள தொலைபேசி எண்ணை எடுத்து, அதில் பேச வேண்டும். இந்தப் பெயரில் ஓர் ஆள் உங்களிடம் வேலை செய்கிறாரா, இந்த வேலைக்கு நீங்கள் ஆள் எடுக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். முடிந்தால் அலுவலகத்துக்கே ஒருமுறை போய் வரலாம். பேருந்துக் கட்டணம் 18,000 ரூபாய் ஆகாது.

தமிழ்நாடு அரசே 1978 முதல் சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நடத்தி வருகிறது. அவர்களின் அறிவிப்புகளைப் பார்த்து விண்ணப்பிக்கலாம் என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் உதவி மையத்தை 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தும் சந்தேகம் கேட்கலாம்.

பாஸ்போர்ட், ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றின் படங்களை முதல் நாளிலேயே அனுப்பிவிடாதீர்கள். அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'மிச்சப் பணத்தைக் கட்டினால் தருகிறேன்' என்று மிரட்டுவதும் நடக்கிறது. பாஸ்போர்ட் சட்டப்படி இந்திய அரசின் உடைமை. அதைப் பிணையாகப் பிடித்துவைக்கும் உரிமை முகவருக்குக் கிடையாது.

இன்னொரு வலையையும் சொல்ல வேண்டும். 'நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க தம்பி, உங்க ஃபீஸ் பாதி' என்பார்கள். அதை நம்பி அந்தத் தம்பி தன் சித்தப்பா மகனிடமும் விடுதித் தோழர்களிடமும் பணம் வாங்கி அனுப்புவார். முகவர் மறைந்த பிறகு ஊர் கேட்பது அவரைத்தான். பதிவில்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்த்தவர், பணம் வசூலித்தவர் என்று காவல் நிலையத்திலும் அவர் பெயரே முதலில் வரும். தாமே ஏமாந்தவர் என்பதை அவர் பிறகு நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். வேறொருவரின் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போவதற்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

பணம் போய்விட்டால்

முதலில் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நாளைக்கு என்று வைக்கக் கூடாது. பணம் போனது தெரிந்த அந்த நேரத்திலேயே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் வங்கிகள் அதை முடக்கி வைக்க அப்போதுதான் வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை, எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரங்களைக் கேட்பார்கள். யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் எல்லாம் அதிலேயே இருக்கும். பல வாரம் கழித்துப் புகார் செய்தால் பணம் திரும்புவது கடினம்தான். ஆனாலும் புகார் செய்யாமல் இருக்கக் கூடாது. cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம்.

கோபத்தில் உரையாடலை அழித்துவிடுபவர்கள் பலர். அதுதான் சாட்சி. அந்த எண், முகப்புப் படம், குரல் பதிவுகள், ஆஃபர் லெட்டர் எல்லாவற்றையும் திரைப்படமாக எடுத்து இன்னொரு கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். சில முகவர்கள் செய்தி தானாக மறையும்படி முன்பே அமைத்திருப்பார்கள். உரையாடலின் மேலே அப்படி அறிவிப்பு தெரிந்தால், பணம் கேட்கும் முன்பே உஷாராகிவிட வேண்டும். போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று இன்னொருவர் வந்து அதற்கும் கட்டணம் கேட்பார். அவர் முதல் ஆளின் கூட்டாளியாகவும் இருக்கலாம்.

புகார் கொடுக்க வாழவந்திநாடு காவல் நிலையத்துக்குப் போகலாம், மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்கும் போகலாம். 'பணம் போனது டெல்லிக் கணக்குக்கு, இங்கே எடுக்க முடியாது' என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நிலையத்தில் மறுத்தால், புகாரை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லை என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பட்டியல் சாதியினரும் பட்டியல் பழங்குடியினரும் பெண்களும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி பெறலாம். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினருக்கு இது சலுகை அல்ல, சட்டம் கொடுத்த உரிமை. நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சாதிச் சான்றிதழோடு ஒரு மனு கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். 'படிச்ச பையன் ஏமாந்துட்டான்னு ஊர் சிரிக்கும்' என்று நினைத்து வாய் மூடும் குடும்பங்களால்தான், அதே எண் அடுத்த வீட்டுக் கைபேசியில் அடுத்த மாதமும் வேலை செய்கிறது.

கடைசியாக, அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் அனுப்ப வேண்டிய பதிலை எழுதித் தருகிறோம். மாணவர்கள் இதை அப்படியே படியெடுத்துக்கொள்ளலாம்.

"வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரையும் குடிபெயர்வுச் சட்ட உரிம எண்ணையும் அனுப்புங்கள். வெளிநாட்டு முதலாளியின் பெயர், முகவரியோடு ஒப்பந்த மாதிரியையும் அனுப்புங்கள். அரசுத் தளத்தில் சரிபார்த்து, உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து பேசுகிறேன். கட்டணம் இருந்தால் நிறுவனக் கணக்கில் செலுத்தி, அங்கேயே ரசீது வாங்கிக்கொள்கிறேன்."

முறையான முகவர் என்றால் உரிம எண்ணை அனுப்பிவிட்டு, என்றைக்கு வருகிறீர்கள் என்று கேட்பார். மற்றவர் 'நம்பிக்கை இல்லைன்னா விடுங்க தம்பி, ஆயிரம் பேர் வெயிட்டிங்' என்பார், அல்லது இரண்டு நீல டிக் விழுந்த பிறகு பதிலே வராது.